2.87-உம் 3.65-உம்: ஒரு பிலிருபின் அட்டவணையைச் சரிசெய்த கதை

மருந்தியல் படிக்கும் முதுநிலை மாணவி ஒருவர், தன் சொந்த ஆய்வுத் தரவு கைக்கு வருவதற்கு முன் பழகிக்கொள்ள வேண்டும் என்று, ஆர் மென்பொருளோடு இலவசமாக வரும் ஒரு பழைய தரவை எடுத்து, முடிவுகள் பகுதியின் முதல் பத்தியையும் முதல் அட்டவணையையும் எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு பக்கம்தான். அதைச் சரிசெய்ய மூன்று சுற்று ஆனது, மூன்றிலும் வந்த தவறுகள் நான் வருஷக்கணக்காகப் பார்த்துவரும் தவறுகள்தான், அதனால் முழுதாக எழுதிவைக்கிறேன். தரவு பொதுவில் இருப்பதால் நீங்களே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

தரவின் பெயர் `pbc`, `survival` தொகுப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1974 முதல் 1984 வரை கல்லீரலின் சிறு பித்தநாளங்களைச் சிதைக்கும் ஒரு நோய்க்கு (அப்போது பிரைமரி பிலியரி சிரோசிஸ் என்று பெயர்) டி-பெனிசிலமைன் மருந்தைப் பிளாசிபோவோடு ஒப்பிட்டு நடத்திய சோதனை. மொத்தம் 418 வரிகள். அதில் சீரற்ற முறையில் குழு ஒதுக்கப்பட்டவர்கள் 312 பேர்: மருந்துக் குழுவில் 158, பிளாசிபோ குழுவில் 154. மீதி 106 பேர் சோதனையில் சேராதவர்கள், அவர்களுக்குப் பல பரிசோதனை மதிப்புகளே இல்லை.

அவருடைய முதல் வரைவின் முக்கியமான வரி இது: "சீரம் பிலிருபின் மருந்துக் குழுவில் 2.87 ± 3.63 மி.கி./டெ.லி., பிளாசிபோ குழுவில் 3.65 ± 5.28, அதாவது பிளாசிபோ குழுவினருக்குத் தொடக்கத்திலேயே பிலிருபின் அதிகமாக இருந்தது."

கணக்கில் பிழை இல்லை. சராசரியும் சரி, திட்ட விலக்கமும் சரி. ஆனால் அந்த ± குறியைப் பார்க்கிறவர் மனசுக்குள் என்ன செய்வார்? 2.87-லிருந்து 3.63-ஐக் கழிப்பார். ஒரே ஒரு திட்ட விலக்கம் கீழே இறங்கியதும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. ரத்தத்தில் பிலிருபின் மைனஸில் இருக்கும் மனிதர் கிடையாது. ஆக, சராசரிக்கு இரண்டு பக்கமும் சமமாகப் பரவிய மணி வடிவம் என்ற படம் இங்கே பொருந்தவே முடியாது என்பதை, தரவைத் திறந்து பார்க்காமலே, அச்சான இரண்டு எண்களை வைத்தே சொல்லிவிடலாம். ஆல்ட்மனும் பிளாண்டும் 1996-இல் பி.எம்.ஜே. இதழில் ஒரு சிறு குறிப்பாக இதைத்தான் எழுதினார்கள்: எதிர்மறை ஆகவே முடியாத ஒரு அளவில், சராசரியானது திட்ட விலக்கத்தின் இரண்டு மடங்கைவிடக் குறைவாக இருந்தால் பரவல் சாய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படு; ஒரு மடங்கைவிடவே குறைவு என்றால் சந்தேகமே வேண்டாம். இங்கே இரண்டாவது வகை.

"சாய்வு இருக்கு சார், ஹிஸ்டோகிராம்ல பார்த்தேன். ஆனா எல்லாரும் சராசரிதானே போடறாங்க" என்றார். சரி, இடைநிலையை எடுத்துப் பாருங்கள் என்றேன். பேச்சில் எல்லோரும் மீடியன் என்றுதான் சொல்கிறோம், நான் பாடப்புத்தகச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

```r
library(survival)
d <- subset(pbc, !is.na(trt))
tapply(d$bili, d$trt, quantile, probs = c(.25, .5, .75))
```

மருந்துக் குழுவில் இடைநிலை 1.4, பிளாசிபோ குழுவில் 1.3. வரிசை தலைகீழாகிவிட்டது. சராசரி பிளாசிபோ குழுவை மேலே வைக்கிறது, இடைநிலை மருந்துக் குழுவை மயிரிழை மேலே வைக்கிறது. அந்த 0.1 என்பது கருவி காட்டும் மிகச் சிறிய படி என்பதால், நடுவில் நிற்கும் நோயாளி இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே ஆள் என்றுதான் படிக்க வேண்டும். அப்படியானால் சராசரியில் தெரிந்த 0.78 வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வாலிலிருந்து. இந்தத் தரவில் பிலிருபின் 0.3-இல் தொடங்கி 28 வரை போகிறது. பத்து, இருபது என்று வைத்திருக்கும் சில பேர் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள், அவர்கள் எந்தக் குழுவில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தார்கள் என்பதுதான் அந்த 0.78. "தொடக்கத்திலேயே பிலிருபின் அதிகமாக இருந்தது" என்ற வாக்கியத்தைப் படிக்கும் மருத்துவர் குழு மொத்தமும் மேலே நகர்ந்திருக்கிறது என்று நினைப்பார். அது நடக்கவில்லை.

அல்கலைன் பாஸ்படேஸ் இன்னும் அழகு. 312 பேருக்கும் சேர்த்துச் சராசரி 1982.7, மூன்றாம் கால்மானம் 1980.0. நிதானமாக யோசித்துப் பாருங்கள், நான்கில் மூன்று பேர் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள்! இதைப் போய் 'வழக்கமான நோயாளி' என்று அட்டவணையில் வைத்தால், அந்த வழக்கமான நோயாளியைவிட முக்கால்வாசி நோயாளிகள் குறைந்த மதிப்பு உள்ளவர்கள். இதிலும் குழுக்களின் வரிசை மாறுகிறது: சராசரி 2021-உம் 1943-உம், இடைநிலையோ 1214.5-உம் 1283-உம்.

இரண்டாம் சுற்று வந்தது. பிலிருபின் வரி இப்போது "1.4 ± 3.63" என்று இருந்தது. சிரிக்காதீர்கள், அச்சான கட்டுரைகளிலேயே இது உண்டு. இடைநிலையை வாங்கிக்கொண்டு பழைய திட்ட விலக்கத்தைப் பக்கத்தில் விட்டுவிடுவது. திட்ட விலக்கம் என்பது சராசரியிலிருந்து அளந்த தூரங்களின் கணக்கு, இடைநிலைக்கும் அதற்கும் உறவு இல்லை, எந்த வால் சராசரியைக் கெடுத்ததோ அதே வால்தான் திட்ட விலக்கத்தையும் ஊதிவிட்டிருக்கிறது (வர்க்கம் எடுப்பதால் இன்னும் மோசமாக). இடைநிலையோடு போக வேண்டியது கால்மானங்கள்.

அதைச் சொன்னதும் பத்தியில் "இடைநிலை 1.4 (ஐ.க்யூ.ஆர். 2.4)" என்று மாற்றி, அட்டவணையில் "1.4 [0.8, 3.2]" என்று வைத்திருந்தார். ஐ.க்யூ.ஆர். என்னும் கால்மான இடைவீச்சு என்பது இலக்கணப்படி ஒரே எண்தான், மூன்றாம் கால்மானத்திலிருந்து முதல் கால்மானத்தைக் கழித்தால் வருவது, 3.2-இல் 0.8 போனால் 2.4, ஆகவே பத்தியும் தப்பில்லை, அட்டவணையும் தப்பில்லை. ஆனால் படிக்கிறவருக்கு ஒரே விஷயம் இரண்டு உருவத்தில் வருகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த 2.4 சாய்வை மறைத்துவிடுகிறது. 0.8, 1.4, 3.2 என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நடுவிலிருந்து கீழே 0.6, மேலே 1.8. மேல்பக்கம் மூன்று மடங்கு நீளம். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு என்பது அந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது, தனியாக ஒரு கோட்ட அளவை எண் தேவையில்லை. 2.4 என்று கழித்த நொடியில் அது போய்விடும். அதனால் நான் எப்போதும் இரண்டு கால்மானங்களையும் அப்படியே எழுதச் சொல்வேன், வித்தியாசத்தை அல்ல. இடைநிலைக்குப் பக்கத்தில் ± குறி எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது, ± என்றாலே இருபுறமும் சமதூரம் என்று ஆகிவிடுகிறது.

அப்புறம் அவர் மறுபக்கம் போய்விட்டார். "அப்ப எல்லாத்தையும் மீடியன்லயே போட்டுடட்டுமா சார், ஒரே மாதிரி இருக்குமே?" போடலாம், பாவம் இல்லை. ஆனால் வயதையும் அல்புமினையும் பாருங்கள். 418 பேருக்கும் சேர்த்து அல்புமின் சராசரி 3.50, இடைநிலை 3.53, கால்மானங்கள் 3.24-உம் 3.77-உம். நடுவிலிருந்து கீழே 0.29, மேலே 0.24. இங்கே சராசரியும் திட்ட விலக்கமும் பரவலை ஒழுங்காகச் சொல்லிவிடும், மேலும் பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்து மெட்டா பகுப்பாய்வு செய்கிறவருக்கு அவை நேராகப் பயன்படும். எனவே ஒரே அட்டவணையில் இரண்டு வகையும் வரலாம், எந்த வரி எந்த வகை என்று அந்த வரியிலேயே எழுதியிருந்தால் போதும். "மதிப்புகள் சராசரி ± திட்ட விலக்கம் அல்லது இடைநிலை (ஐ.க்யூ.ஆர்.)" என்று அடியில் ஒரே ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு, எது எது என்று வாசகரை ஊகிக்க விடும் அட்டவணைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

எதற்கு எது என்று முடிவு செய்வது எப்படி? அவர் ஷாப்பிரோ–வில்க் சோதனையை ஓட்டி, பி-மதிப்பு 0.05-க்குக் கீழ் வந்தால் இடைநிலை, இல்லையென்றால் சராசரி என்று ஒரு விதி வைத்திருந்தார். இந்த விதியை நான் விடச் சொன்னேன். முந்நூறு பேர் இருக்கும்போது, கண்ணுக்கே தெரியாத சின்ன விலகலையும் அந்தச் சோதனை பிடித்துக்கொடுத்துவிடும். இருபது பேர் மட்டும் இருந்தால் பெரிய சாய்வையும் கோட்டைவிடும். 'இது துல்லியமாக இயல்நிலைப் பரவலா' என்பது நம் கேள்வியே இல்லை, 'சராசரி இந்த ஆட்களை ஒழுங்காகப் பிரதிநிதிப்படுத்துகிறதா' என்பதுதான் கேள்வி. அதற்கு ஹிஸ்டோகிராமும் மேலே சொன்ன கால்மான தூரங்களும் போதும்.

இரண்டு மடங்கு விதிக்கும் எல்லை உண்டு, இந்தத் தரவிலேயே அது இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. முதலாவது டிரைகிளிசரைடு. மருந்துக் குழுவில் சராசரி 124.1, திட்ட விலக்கம் 71.5, இரண்டு மடங்குக்குக் குறைவு, எனவே சாய்வு. பிளாசிபோ குழுவில் 125.3, 58.5, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், எனவே விதிப்படி சாய்வு இல்லை! இதை அப்படியே கேட்டு நடந்தால் அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் இடைநிலையும் பக்கத்து நெடுவரிசையில் சராசரியும் வரும், ஒப்பிடவே முடியாது. முடிவு மாறிக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று அல்ல. பிளாசிபோ குழுவின் கால்மானங்கள் 84.5, 113, 155, கீழே 28.5, மேலே 42, சாய்வு தெளிவாகவே இருக்கிறது. இரண்டு குழுவுக்கும் இடைநிலைதான்.

இரண்டாவது, ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் புரோத்ராம்பின் நேரம். அவர் அட்டவணையில் இது இல்லை, நானாகத்தான் காட்டினேன். சராசரி 10.73 விநாடி, திட்ட விலக்கம் 1.02. பத்து மடங்குக்கு மேல், விதி சத்தமே போடாது. கால்மானங்கள் 10.0, 10.6, 11.1, கீழே 0.6, மேலே 0.5, அதுவும் சத்தம் போடாது. ஆனால் குறைந்தபட்சம் 9, அதிகபட்சம் 18. நடுவிலிருந்து கீழே 1.6 விநாடி, மேலே 7.4. பூஜ்யத்திலிருந்து வெகுதூரத்தில் தொடங்கும் அளவுகளில் அந்த விதி குருடு, நடுப்பாதி மட்டும் ஒழுங்காக இருந்து ஓரத்தில் வால் நீண்டால் கால்மானங்களும் குருடு. படம் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாம் சுற்றில் எண்கள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் பத்தியில் ஒன்று, அட்டவணையில் ஒன்று. பிளாசிபோ குழுவின் பிலிருபினுக்கு முதல் கால்மானம் அட்டவணையில் 0.72, பத்தியில் 0.73. அட்டவணையை ஆர் கொடுத்தது, பத்திக்கு அவர் எக்செலில் `QUARTILE.INC` போட்டிருந்தார். இரண்டும் ஒரே சூத்திரம்தான். 154 பேரை ஏறுவரிசையில் நிறுத்தினால் முதல் கால்மானம் 1 + 0.25 × 153, அதாவது 39.25-ஆம் இடம். 39-ஆம் ஆளுக்கு 0.7, 40-ஆம் ஆளுக்கு 0.8, இடையில் கால் பங்கு போனால் 0.725. அதை இரண்டு தசம இடத்தில் அச்சிடும்போது எக்செல் மேலே உருட்டுகிறது, ஆரின் அட்டவணைத் தொகுப்பு கீழே உருட்டிவிட்டது, ஏனென்றால் 0.725-ஐ கணினி இரும எண்ணாக வைக்கும்போது ஒரு துளி குறைவாகத்தான் வைக்கிறது. பாடப்புத்தக வழியில் போனால் மூன்றாவதாக ஒரு விடை வரும்: கீழ்ப்பாதி 77 பேர், அவர்களின் நடு ஆள் 39-ஆமவர், விடை 0.7.

எது சரி? மூன்றுமே. கால்மானத்துக்கு ஒரே சூத்திரம் கிடையாது, ஆரின் `quantile` கட்டளையிலேயே `type` என்று ஒன்பது வகை இருக்கிறது. ஆனால் பிலிருபினை அளந்ததே ஒரு தசம இடத்துக்கு, அதன் கால்மானத்தை இரண்டு இடத்துக்கு எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவது. ஒரு இடத்துக்கு வைத்தால் மூன்று வழியிலும் 0.7. சண்டை முடிந்தது. எல்லா இடத்திலும் இப்படிச் சுலபமாக முடியாது, சின்னக் குழுக்களில் சூத்திரத்துக்குச் சூத்திரம் நிஜமாகவே விடை மாறும், அதனால் எந்த மென்பொருளில் கணக்கிட்டோம் என்பதை முறைகள் பகுதியில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

உருட்டுவதில் இன்னொரு பொறி. அல்கலைன் பாஸ்படேஸின் இடைநிலை 1214.5 என்று சொன்னேன் இல்லையா, அதை முழு எண்ணாக்க ஆரில் `round(1214.5)` என்று போட்டால் 1214 வரும், கையால் செய்தால் 1215. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை ஆர் இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும். டிரைகிளிசரைடின் 84.5-உம் அப்படியே, ஆரில் 84, கையால் 85. இரட்டை எண்ணிக்கையுள்ள குழுவில் இடைநிலை இரண்டு பேருக்கு நடுவே விழுவதால் இந்த .5 அடிக்கடி வரும். ஏதாவது ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாங்கள் கையால் செய்கிற வழியை எடுத்தோம். பத்தியில் எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள், அட்டவணையிலிருந்து எடுத்து ஒட்டுங்கள், அட்டவணை மாறினால் பத்தியைத் திரும்ப வரி வரியாகச் சரிபாருங்கள் என்றும் சொன்னேன். சலிப்பான வேலைதான்.

விடுபட்ட மதிப்புகள் மிச்சம். அவர் அட்டவணையின் தலைப்பில் 158, 154 என்று போட்டுவிட்டு எல்லா வரிகளுக்கும் அதுவே என்று விட்டிருந்தார். கொலஸ்டிராலில் 28 பேருக்கு மதிப்பு இல்லை, டிரைகிளிசரைடில் 30 பேருக்கு, தாமிரத்தில் 2 பேருக்கு. மருந்துக் குழுவின் கொலஸ்டிரால் இடைநிலை 140 பேரின் இடைநிலை, 158 பேரின் இடைநிலை இல்லை. அந்த வரியிலேயே எண்ணிக்கையைப் போட்டோம்.

கடைசியாக நின்ற அட்டவணை:

| தொடக்க நிலைப் பண்பு | டி-பெனிசிலமைன் (158 பேர்) | பிளாசிபோ (154 பேர்) |
|---|---|---|
| வயது, ஆண்டு: சராசரி (திட்ட விலக்கம்) | 51.4 (11.0) | 48.6 (10.0) |
| பெண்கள்: எண்ணிக்கை (%) | 137 (87) | 139 (90) |
| அல்புமின், கி./டெ.லி.: சராசரி (திட்ட விலக்கம்) | 3.52 (0.44) | 3.52 (0.40) |
| பிலிருபின், மி.கி./டெ.லி.: இடைநிலை [கா1, கா3] | 1.4 [0.8, 3.2] | 1.3 [0.7, 3.6] |
| அல்கலைன் பாஸ்படேஸ், அலகு/லி.: இடைநிலை [கா1, கா3] | 1215 [841, 2028] | 1283 [923, 1950] |
| சிறுநீர்த் தாமிரம், மைக்ரோகிராம்/நாள்: இடைநிலை [கா1, கா3], 157, 153 பேர் | 73 [40, 121] | 73 [43, 139] |
| கொலஸ்டிரால், மி.கி./டெ.லி.: இடைநிலை [கா1, கா3]; 140, 144 பேர் | 316 [248, 417] | 304 [254, 377] |
| டிரைகிளிசரைடு, மி.கி./டெ.லி.: இடைநிலை [கா1, கா3], 139, 143 பேர் | 106 [85, 146] | 113 [85, 155] |

கா1, கா3: முதல், மூன்றாம் கால்மானங்கள்.

அட்டவணையில் பி-மதிப்புக்கு ஒரு நெடுவரிசை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் வைத்திருந்தார், எடுத்துவிட்டோம். குழு ஒதுக்கீடே சீட்டுக் குலுக்கல் மாதிரி நடந்தபோது, தொடக்க வித்தியாசம் தற்செயலா என்று சோதிப்பதில் பொருள் இல்லை, இத்தகைய சோதனைகளை அறிக்கையாக எழுதுவதற்கான 2010-ஆம் ஆண்டின் கன்சார்ட் வழிகாட்டியும் இதை வேண்டாம் என்றே சொல்கிறது. போட்டே ஆக வேண்டும் என்று வழிகாட்டி ஆசிரியர் நின்றால், இடைநிலை வரிக்குத் தரவரிசை அடிப்படையிலான மான்–விட்னி மாதிரியான சோதனையைப் போடுங்கள், டி-சோதனையை அல்ல. பிலிருபினுக்கு டி-சோதனை 0.131 தருகிறது, தரவரிசைச் சோதனை 0.842, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு கேள்வி கேட்கின்றன. மான்–விட்னி கேட்பது 'இடைநிலைகள் சமமா' என்ற கேள்வி என்று பலர் எழுதுகிறார்கள், அதுவும் சரியில்லை. ஒரு குழுவின் ஆட்கள் மற்றக் குழுவினரைவிடப் பொதுவாக மேலே நிற்கிறார்களா என்பதைத்தான் அது பார்க்கிறது.

பத்தி இப்படி முடிந்தது:

"சீரற்ற முறையில் ஒதுக்கப்பட்ட 312 பேரில் 158 பேர் டி-பெனிசிலமைனும் 154 பேர் பிளாசிபோவும் பெற்றனர். சராசரி வயது முறையே 51.4 (திட்ட விலக்கம் 11.0), 48.6 (10.0) ஆண்டுகள், இரு குழுக்களிலும் பெரும்பாலோர் பெண்கள் (87%, 90%). அல்புமின் தவிர மற்ற ஆய்வக அளவுகள் வலப்புறம் சாய்ந்திருந்ததால் இடைநிலையும் முதல், மூன்றாம் கால்மானங்களும் தரப்படுகின்றன. பிலிருபினின் இடைநிலை மருந்துக் குழுவில் 1.4 [0.8, 3.2], பிளாசிபோ குழுவில் 1.3 [0.7, 3.6] மி.கி./டெ.லி. அல்கலைன் பாஸ்படேஸ் 1215 [841, 2028], 1283 [923, 1950] அலகு/லி. கொலஸ்டிரால் 28 பேருக்கும் டிரைகிளிசரைடு 30 பேருக்கும் தாமிரம் 2 பேருக்கும் அளக்கப்படவில்லை; அவ்வரிகளில் அளக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை தரப்பட்டுள்ளது (அட்டவணை 1)."

அட்டவணையில் எட்டு வரி இருந்தும் பத்தியில் பாதிக்குத்தான் எண் சொல்லியிருக்கிறோம், வேண்டுமென்றே. எல்லா வரியையும் வாக்கியமாக்கினால் அட்டவணை எதற்கு. வரிசை மட்டும் அட்டவணையில் இருப்பதே: எப்போதும் மருந்துக் குழு முதலில்.

இதை அனுப்பிய பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார், உண்மையில் அந்த மூன்று சுற்றிலும் வந்த நல்ல கேள்வி அதுதான். "மீடியன் போட்டதும் ரெண்டு குழுவும் ஒண்ணு மாதிரி ஆயிடுச்சு. ஆனா பிலிருபின் இருபது இருக்கிறவங்கதானே சார் சீக்கிரம் சாகிறவங்க? அவங்களை மறைச்சுட்டோமா?"

கொஞ்சம் மறைத்துவிட்டோம்தான். இடைநிலைக்கு வால் கண்ணில் படாது, அதற்காகத்தான் அதை எடுத்தோம், ஆனால் இந்த நோயில் அந்த வால் சும்மா இல்லை. இதே தரவிலிருந்து மேயோ கிளினிக் உருவாக்கிய ஆயுள் கணிப்பு மாதிரியில் வயது, அல்புமின், புரோத்ராம்பின் நேரம், நீர்க்கோர்ப்பு ஆகியவற்றோடு பிலிருபினும் இருக்கிறது, மடக்கை எடுத்த வடிவில். மடக்கை எடுத்தது அந்த நீண்ட வாலைச் சுருக்கி, வீட்டை விட்டு வெளியே தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளத்தான். விளக்கப் பத்தியிலும் மடக்கை வழியில் போய்ப் பெருக்குச் சராசரி போடலாம், ஆனால் அதைப் படித்ததும் புரிந்துகொள்ளும் மருத்துவர்கள் குறைவு என்பதால் நான் பரிந்துரைக்கவில்லை. அதிகபட்சத்தைப் போடலாமா என்றால், அது ஒரே ஒரு ஆளின் எண், அடுத்த தரவில் வேறாக இருக்கும்.

மூன்றாம் கால்மானத்தைச் சொற்களில் எழுதச் சொன்னேன். பிலிருபின் வாக்கியத்துக்குப் பின்னால் அவர் சேர்த்தது: "மருந்துக் குழுவில் ஏறக்குறையக் கால்வாசிப் பேருக்கு 3.2, பிளாசிபோ குழுவில் கால்வாசிப் பேருக்கு 3.6 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தது." முதல் வரைவின் "பிளாசிபோ குழுவினருக்குப் பிலிருபின் அதிகம்" என்ற வாக்கியத்தில் உண்மையாக இருந்த பகுதி இவ்வளவுதான், அது இப்போது அட்டவணையின் அதே இரண்டு எண்களோடு பத்தியிலும் உட்கார்ந்திருக்கிறது.